பின்மண்டையில் எவ்வளவு இருப்பு என்று முதலில் பாருங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. நெற்றி ஏறிவிட்டது, உச்சியிலும் முடி குறைகிறது. முடி மாற்று அறுவையில் 4,000 கிராஃப்ட் வைத்தால் பழையபடி அடர்த்தி வந்துவிடும் என்கிறார்கள். இப்போதே செய்துகொள்ளலாமா? எந்த மருத்துவரிடம் போவது?

இப்போதே வேண்டாம். எனக்கும் 27 வயதில் ஒரு கிளினிக்கில் இதே எண்ணைத்தான் சொன்னார்கள். சொன்னவர் மருத்துவர் அல்லர். என் பின்மண்டையை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

முடியை வேரோடு சிறு கொத்துகளாக எடுக்கும் இடம் அந்தப் பின்மண்டைதான்; அப்படி எடுத்து நடும் ஒரு கொத்துதான் ஒரு கிராஃப்ட். எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுவதற்கும் கிடைப்பது ஏறக்குறைய 4,000 முதல் 6,000 கிராஃப்ட். அதற்கு மேல் எடுத்தால் பின்னந்தலை பூச்சி அரித்த துணிபோல் ஆகிவிடும். இன்றே 4,000ஐச் செலவழித்துவிட்டால், 40 வயதில் நட்ட முடி முன்னால் தனித்து நிற்க, அதன் பின்னால் வழுக்கை விரியும். அப்போது நிரப்பக் கையிருப்பு இருக்காது.

பிறகு நான் பார்த்த தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கியைப் பின்மண்டையில் வைத்து எண்ணினார். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 75 வேர்க்கொத்துகள் இருந்தன. அங்கேயும் முடி மெலிந்திருந்தால் நட்டது நிலைக்காது, அறுவையே கூடாது என்றார். உதிர்வைக் கட்டுப்படுத்தும் ஃபினாஸ்டிரைடு மருந்தின் பக்க விளைவுகளை விளக்கிவிட்டு, அதையும் மினாக்சிடில் என்ற இன்னொரு மருந்தையும் ஓராண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். உதிர்வு அடங்கிய பிறகுதான் தேதி கொடுத்தார்.

அறுவை நாளன்று காலை புருவ மத்தியிலிருந்து நான்கு விரற்கடை அளந்து கோடு போட்டார். பள்ளி நாட்களில் இருந்த கோட்டைக் கேட்டேன், உறுதியாக மறுத்துவிட்டார். நிரப்ப வேண்டிய பரப்பு 55 சதுர சென்டிமீட்டர். ஒன்றுக்கு 40 வீதம் 2,200 கிராஃப்ட். இது இயல்பான அடர்த்தியில் பாதிதான். ஆனால் பாதி இருந்தாலே பார்ப்பவர் கண்ணுக்கு வழுக்கை தெரிவதில்லை. தலை நனைந்தால் மட்டும் பளிச்சென்ற விளக்கில் தோல் தெரிகிறது. உச்சியை அவர் தொடவில்லை. சுழியில் முடி எல்லாத் திசையிலும் பிரிந்து விழுவதால் அங்கே எவ்வளவு வைத்தாலும் போதாது.

மூன்றாவது வாரத்தில் நட்டதெல்லாம் தலையணையில் கொட்டிக் கிடந்தது. முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை; உதிர்வது முடிதான், வேர் உள்ளேயே இருக்கும். நான்காம் மாதம் மெல்லிய முடி எட்டிப் பார்த்தது. முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆனது. திருமணம் போன்ற நிகழ்ச்சி இருந்தால் அதற்கேற்ப நாளைக் கணக்கிடுங்கள்.

தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் அறுவையிலோ மேற்படிப்பு முடித்து, இந்த அறுவையில் பயிற்சியும் பெற்றவரைத் தேடுங்கள். பதிவு எண்ணை மருத்துவ கவுன்சிலின் தளத்தில் சரிபாருங்கள். மரத்துப்போகும் ஊசியை யார் போடுவார், முடியை எடுப்பதும் தோலில் துளையிடுவதும் யார் கை, கடைசி வரை மருத்துவர் அறையில் இருப்பாரா என்று நேரில் கேளுங்கள். 2016இல் சென்னையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவரே அதன் பின் உயிரிழந்தார். அந்தக் கேள்விகளுக்கு மருத்துவர் அல்லாமல் விற்பனைப் பிரிவினர் பதில் சொன்னால், முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.