சரளை மண் கரைக்கு எவ்வளவு தண்ணீர்?

கேள்வி: ஐயா, தேவகோட்டை பக்கம் எங்கள் ஊர் ஊரணிக் கரையைச் சரளை மண் போட்டு உயர்த்துகிறோம். மண் சப்ளை செய்பவரே "ஓஎம்சி 9 சதவீதம்", அதாவது மண் நன்றாக இறுக 9 சதவீத ஈரம் வேண்டும் என்று ஒரு லேப் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார். மேஸ்திரியோ கையில் உருண்டை பிடித்துப் பார்த்தாலே போதும் என்கிறார். எதை நம்பித் தண்ணீர் விடுவது?

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள். முதலில் அந்த ரிப்போர்ட்டை எடுத்து, மண் எந்தக் குழியில் எடுக்கப்பட்டது, என்ன ஆழத்தில், எந்தத் தேதியில், யார் முன்னிலையில் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "சிவப்பு சரளை" என்று மட்டும் இருந்தால் அது உங்கள் மண்ணின் ரிப்போர்ட் இல்லை. ஒரே தாளை நகலெடுத்து, ஊருக்கு ஊர் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் மண் ஏஜென்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாம்பிளே போகாமல் ரிப்போர்ட் மட்டும் வரும். பில் பாஸாகத் தாள் இருந்தால் போதும், மண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கரை உடைந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

ஆகவே சாம்பிளை நீங்களே எடுங்கள். உங்கள் ஊருக்கு லாரி ஏறப்போகும் அதே குழியில், மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு மூன்று நான்கு இடங்களில் வெட்டி, சாக்கில் கட்டி, உள்ளே ஒரு சீட்டும் போட்டு, நீங்களே லேபில் கொண்டுபோய்க் கொடுங்கள். அரை மூட்டைக்குக் குறையாமல் இருக்கட்டும். ஏன் இவ்வளவு என்பது கீழே புரியும். குழி மாறினால் டெஸ்டும் மறுபடி.

கேட்க வேண்டியது இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2720, பகுதி 7-இல் சொல்லியிருக்கும் புராக்டர் டெஸ்ட். ரோடு வேலைக்குக் கேட்பது பெரும்பாலும் பகுதி 8. அதில் சம்மட்டி கனமானது, தண்ணீர் குறைவாகக் காட்டும். உங்களிடம் வந்த 9 சதவீதம் அந்த வகையாகக்கூட இருக்கலாம்.

செய்முறை எளிதுதான். 1000 கன செ.மீ. கொள்ளும் இரும்பு மோல்டில், ஈரப்படுத்திய மண்ணை மூன்று அடுக்காகப் போட்டு, 2.6 கிலோ சம்மட்டியை 310 மி.மீ. உயரத்திலிருந்து அடுக்குக்கு 25 முறை விழவிடுவார்கள். கழுத்து வளையத்தைக் கழற்றி, மேலே துருத்தும் மண்ணைச் சீவி, எடை போடுவார்கள். பிறகு உள்ளிருந்து கொஞ்சம் மண் எடுத்து அடுப்பில் காயவைத்து ஈரத்தைக் கணக்கிடுவார்கள். தண்ணீரைப் படிப்படியாகக் கூட்டி இப்படி ஐந்து முறை. மோல்டு ஆடும் மேஜைமேல் இருக்கக்கூடாது, கான்கிரீட் தரையில் இருக்க வேண்டும். ஆடினால் அடியின் வேகம் மேஜையில் போய்விடும்.

இங்கே ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. உங்கள் மண்ணைப் போன்ற ஒரு சரளைக்குக் கணக்கு இப்படி வரலாம்: ஈரம் 9 சதவீதத்தில் மோல்டு மண் 2082 கிராம், 11-இல் 2159, 13-இல் 2178, 15-இல் 2148. ஈர எடையைப் பார்த்தால் 13 சதவீதம்தான் உச்சம் என்று தோன்றும். அது தப்பு. தண்ணீரும் அந்த எடையில் சேர்ந்திருக்கிறது. தண்ணீரைக் கழித்து மண்ணை மட்டும் கணக்கிட்டால் ஒரு கன செ.மீ.க்கு 9-இல் 1.91 கிராம், 11-இல் 1.945, 13-இல் 1.927, 15-இல் 1.87. புள்ளிகளை வளைகோடாக இணைத்தால் உச்சம் 11.5 சதவீதத்தை ஒட்டி, 1.95 அளவில் விழும். இதுதான் உங்களுக்கு வேண்டிய எண். ரிப்போர்ட்டில் அந்த வளைகோடு இருக்க வேண்டும்; உச்சத்தைத் தாண்டி இறங்கும் பக்கத்திலும் இரண்டு புள்ளியாவது இருக்க வேண்டும். வளைகோடு இல்லாத ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி நம் பகுதிக்கே உரிய ஒரு விஷயம், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டுச் சரளையில் நிறைய செம்பூராங்கல் சிதைந்த உருண்டைகள். பார்க்கக் கல்லாக இருக்கும், சம்மட்டி பட்டால் மாவாகும். பல லேப்களில் ஐந்து முறைக்கும் ஒரே மண்ணை உதிர்த்து, தண்ணீர் விட்டு, மறுபடி குத்துவார்கள். மற்ற மண்ணுக்கு அது ஓடிவிடும். நம் சரளைக்கு ஓடாது. ஒவ்வொரு முறையும் உருண்டை இன்னும் உடைந்து பொடி கூடும், பொடி இடுக்கை நிரப்பும், அடர்த்தி உண்மையைவிட அதிகமாக வரும். கடைசிப் புள்ளியில் மோல்டில் இருப்பது குழியில் இருந்த மண்ணே அல்ல. உடையும் மண்ணுக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் புது மண் எடுக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஆனால் மண் அதிகம் வேண்டும், வேலையும் அதிகம் என்பதால் யாரும் செய்வதில்லை. அரை மூட்டை கேட்டது இதற்காகத்தான்.

உங்கள் மண் உடையுமா என்று நீங்களே பார்க்கலாம். ஓர் உருண்டையை நகத்தால் அழுத்துங்கள்; மஞ்சளும் சிவப்பும் கலந்த பொடி உதிர்ந்தால் சந்தேகம் வேண்டாம். லேபில், குத்துவதற்கு முன்னும் பின்னும் 4.75 மி.மீ. சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை எடைபோடச் சொல்லுங்கள். நன்றாகக் குறைந்திருந்தால் புது மண் முறையில்தான் செய்ய வேண்டும். தண்ணீர் கலந்ததும் உடனே குத்தவும் கூடாது. பிளாஸ்டிக் பையில் கட்டி ஓர் இரவு வைத்தால்தான் உருண்டைக்குள் ஈரம் இறங்கும். மண்ணை முன்கூட்டியே அடுப்பில் காயவைக்கவும் விடாதீர்கள். நிழலில் உலர்த்தினால் போதும்.

இப்போது தண்ணீர். குழியிலிருந்து வரும் மண்ணில் 100 கிராம் எடுத்துச் சட்டியில் காயும்வரை வறுத்து எடைபோடுங்கள். 95.2 கிராம் இருந்தால் போனது 4.8. அதை 95.2-ஆல் வகுக்க வேண்டும், 100-ஆல் அல்ல. ஈரம் 5 சதவீதம். இலக்கு 11.5 என்றால் குறை 6.5 சதவீதம். இறுக்கிய கரையில் ஒரு கன மீட்டருக்கு உலர்ந்த மண் 1950 கிலோ, அதற்கு 127 லிட்டர் தண்ணீர். 3 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம், இறுகியபின் 15 செ.மீ. கனமுள்ள ஓர் அடுக்கு 9 கன மீட்டர். ஏறக்குறைய 1150 லிட்டர். சித்திரை வெயிலில் விடும்போதே ஆவியாகிவிடும், சற்றுக் கூட்டுங்கள். மண்ணைப் பரப்பி, தண்ணீர் விட்டு, புரட்டி, பிறகு ரோலர் ஓட்டுங்கள். டேங்கர்காரர் "மேலே ஈரம் தெரியுது, போதும்" என்பார். அந்த ஈரம் இரண்டு விரல் ஆழம்கூடப் போயிருக்காது.

9 சதவீதத்தில் இறுக்கினால் மேல்தளம் கல்போல் தெரியும், உள்ளே இடுக்கு அப்படியே இருக்கும். ஊரணி நிறைந்ததும் கரை இறங்கி ஒழுகும். தண்ணீர் கூடினால் ரோலருக்கு முன்னால் மண் ரப்பர்போல மேலெழும். அப்போது நிறுத்தி உலரவிடுவதைத் தவிர வழியில்லை. மேஸ்திரியின் உருண்டை இந்த இரண்டு எல்லைகளையும் காட்டும், நடுவில் இருக்கும் எண்ணைக் காட்டாது.

ஒவ்வோர் அடுக்கையும் ரோலர் ஓடியபின் சோதியுங்கள். மண்ணில் அடித்து இறக்கி சாம்பிள் எடுக்கும் கோர் கட்டர் குழாய் சரளையில் சரியாக இறங்காது; குழி தோண்டி, அதை மணலால் நிரப்பிக் கொள்ளளவு பார்க்கும் மணல் மாற்று முறையைக் கேளுங்கள். 1.95-இல் 95 சதவீதம், அதாவது 1.85 வந்தால் அடுத்த அடுக்கு. வரவில்லை என்றால் மேலே மண் கொட்டவிடாதீர்கள்; அதே அடுக்கை உழுது, ஈரம் பார்த்து, மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.