மண்ணில் புதையும் வண்டிச் சக்கரத்தை இழுக்க எவ்வளவு விசை வேண்டும்?

கேள்வி: கரும்பு ஏற்றிய மாட்டு வண்டி வயலுக்குள் வந்தால் சக்கரம் புதைகிறது. இழுக்க எவ்வளவு விசை தேவை என்று எப்படிக் கணக்குப் போடுவது? புத்தகத்தில் இருக்கும் உருளும் உராய்வுக் குணகத்தைப் போட்டால் விடை நம்பும்படி வரவில்லை.

பதில்: அந்தக் குணகமெல்லாம் கெட்டியான தரைக்கு. இளகிய மண்ணில் வண்டி ஒவ்வொரு அடி நகரும்போதும் புதிதாக ஓர் அடி நீளத்துக்குத் தடம் பதிய வேண்டும், அந்த மண்ணை அமுக்குகிற வேலையைத்தான் மாடுகள் செய்கின்றன. ஆகவே தடத்தின் ஆழம் தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது. வண்டி போன பிறகு தடத்தின் குறுக்கே ஒரு நேரான குச்சியை வைத்து, அங்கிருந்து அடிமண் வரை அளந்து பாருங்கள். குச்சியின் இரு முனையும் சக்கரம் தொடாத மண்ணில் இருக்கட்டும், ஓரத்தில் பிதுங்கி நிற்கும் மேட்டின் மேல் வைத்தால் ஆழம் கூடுதலாகக் காட்டும்.

சூத்திரம் இதுதான்:

```
F = 0.75 × W × √(z/D)
```

W என்பது வண்டியோடு சேர்த்த மொத்த எடை, z தடத்தின் ஆழம், D சக்கரத்தின் விட்டம். எங்கிருந்து வருகிறது என்றால், ஓடுகிற சக்கரத்தை மண் முன்பக்கம் மட்டும்தான் தாங்குகிறது. பின்பக்கம் ஏற்கெனவே அமுங்கிப்போன தடம். அச்சுக்கு நேர் கீழிருந்து முன்னால் மண் தொடுகிற நீளம் ஏறக்குறைய √(D×z). ஆழம் கூடக்கூட மண்ணின் எதிர்ப்பும் அதே விகிதத்தில் கூடும் என்று வைத்தால், தாங்கும் விசையின் மையம் அந்த நீளத்தில் எட்டில் மூன்று பங்கு முன்னால் தள்ளி விழும். அச்சைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால் F × D/2 = W × (3/8)√(D×z). மீதியைச் சுருக்கினால் மேலே உள்ளது வந்துவிடும்.

இப்போது ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். மரச்சக்கரம், விட்டம் 1.5 மீட்டர், வண்டி 300 கிலோ, கரும்பு 1000 கிலோ, தடம் 6 செ.மீ. 0.06ஐ 1.5ஆல் வகுத்தால் 0.04, அதன் வர்க்கமூலம் 0.2. ஆக, 0.75 × 1300 × 0.2 = 195 கிலோ விசை. தலா 400 கிலோ உள்ள இரண்டு மாடுகள் நாள் முழுக்க இழுக்கக்கூடியது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான், அதாவது சுமார் 80 கிலோ. சில எட்டுகளுக்கு அதைப்போலப் பல மடங்கு முக்கி இழுக்கும், ஆனால் வயல் முழுக்க அப்படி இழுக்காது.

பலர் இங்கே 6 செ.மீ. ஆழத்தைப் படிக்கட்டு மாதிரி நினைத்து, சக்கரம் படி ஏறுகிற கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் சுமார் 550 கிலோ வரும். அது மண் கொஞ்சமும் நசுங்காமல், எடை முழுவதும் முன் விளிம்பில் மட்டும் நிற்கும்போதுதான் சரி. ராத்திரி முழுக்கப் புதைந்து நின்று, முன்னால் மண் காய்ந்து இறுகிப்போன வண்டியைக் கிளப்பும்போது நிஜமாகவே விசை அந்தப் பக்கம் ஏறும். மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வெட்டிவிட்டால் வண்டி சட்டென்று கிளம்புவது அதனால்தான்.

சரி, பாரத்தைக் குறைத்தால்? இந்த வகை மண்ணில் இழுவிசை எடையின் 4/3 அடுக்கில் மாறும். கரும்பைப் பாதியாக்கி மொத்தம் 800 கிலோ வைத்தால் தடம் 4.3 செ.மீ., இழுவிசை 102 கிலோ. ரோடு வரைக்கும் என்றால் மாடுகள் சமாளிக்கும். பாரத்தைக் குறைக்காமல் சக்கரத்தை மாற்றுவதானால், விட்டத்தை இரட்டிப்பாக்கினால் இழுவிசை 37 சதவீதம் குறையும், பட்டையின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் 20 சதவீதம்தான். பழைய வண்டிகளில் சக்கரம் ஆள் மார்பு உயரத்துக்கு இருந்ததைப் பார்த்து அழகுக்கு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நீர் நின்ற களிமண்ணில் இந்தக் கணக்கு அப்படியே ஓடாது. அங்கே ஆழம் போனாலும் எதிர்ப்பு கூடாது, அதனால் 0.75 போய் 1 வரும், அதே 6 செ.மீ.க்கு 260 கிலோ. இழுவிசை எடையின் வர்க்கமாக ஏறும், அகலமும் விட்டமும் சமமாக உதவும். எது எந்த மண் என்று தெரிய, ஒரே தடத்தில் இரண்டாவது தடவை வண்டியை ஓட்டிப் பாருங்கள். மணல் கலந்த மண் இறுகி, இழுப்பது லேசாகும். சேறு குழைந்து இன்னும் ஆழமாகும். சக்கரத்துக்கு முன்னால் மண் குவிந்து உருள ஆரம்பித்தால் அப்புறம் இரண்டு கணக்குமே குறைவாகத்தான் காட்டும்.

கடைசியாக ஏற்றம். வயலிலிருந்து கரை ஏறும் இடத்தில் பத்தடிக்கு ஓர் அடி உயர்ந்தால், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். பாதி பார வண்டிக்கே 102 கிலோ 182 ஆகிவிடும், அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு ஜோடி மாடு வேண்டியிருக்கும்.