மழை விழுந்தால் யார் வருவார்?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். அம்மா இன்னும் கொழுந்துக்குப் போகிறார். ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் முதன்முறையாக என்னைக் குழுத்தலைவராக்கி, எங்கள் தோட்டத்து 60 குடும்பங்களுக்கு மலையூற்றிலிருந்து குழாய்வழியாக நீர் கொண்டுவரும் பொறுப்பைத் தந்தார்கள். நவம்பரில் ஊற்றை அளந்தோம். பெப்ரவரியில், பிற்பகல் 3 மணிக்குக் கூட்டம் வைத்தோம். குழாய் பதிக்க 900 மீற்றர் கானை ஞாயிறுகளில் சிரமதானமாக வெட்டித் தருவதாகச் சம்மதித்தார்கள். 30 பேர், ஆளுக்கு 5 மீற்றர், ஆறு ஞாயிறு என்று கணக்கிட்டேன். மார்ச் கடைசியில் தொடங்கி, இரண்டு ஞாயிறில் 280 மீற்றர் முடிந்தது. அதன் பிறகு ஏழு பேர்தான் வருகிறார்கள். அம்மா மட்டும் ‘மழை விழுந்தா யாருய்யா வருவா’ என்று அடுப்படியில் முணுமுணுத்தார். மற்றபடி ஒருவரும் எச்சரிக்கவில்லை. மக்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று மேலதிகாரிக்கு எழுதலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: எழுதக் கூடாது, தம்பி. உங்களை எச்சரித்தவர் ஒருவர் இருந்தார். அவரை நீங்கள் ஓர் ஆளாகவே கணக்கில் எடுக்கவில்லை. முதன்முறை பொறுப்பேற்கும் பிள்ளைகளிடமிருந்து இத்தகைய கடிதங்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன. ஊர் மாறும், வேலை மாறும். ஆனால் திட்டம் எங்கே உடையும் என்று முன்கூட்டியே சொன்ன ஒருவர் பெரும்பாலும் கடிதத்தின் ஓரத்தில் நிற்பார்.

உங்கள் தாயார் சொன்ன அந்த ஒரு வரியில் ஒரு நிபந்தனையும் அதன் விளைவும் இருக்கின்றன. மேற்குச் சரிவுத் தோட்டங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி, கொழுந்து குறைவு. சித்திரை மழை விழுந்ததும் செடி தளிர்த்து, ஏப்ரலிலும் மே மாதத்திலும் கொழுந்து குவியும். அப்போது பல தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்தெடுக்க மலை திறக்கப்படும். எடுக்கிற கொழுந்தின் நிறைக்கேற்பக் கைக்காசு கிடைக்கும். வறட்சியில் வேலைநாள் பேர் குறைந்து கடன்பட்ட குடும்பம், புத்தாண்டுச் செலவும் கோவில் திருவிழாவும் நெருங்கும் வேளையில், அந்தக் காசை விட்டுவிட்டு உங்கள் கானுக்கு மண்வெட்டி தூக்கி வர வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தீர்கள். அந்தக் கைக்காசில் படித்து வளர்ந்த பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

பெப்ரவரியில் அவர்கள் சொன்ன ‘சரி’ பொய்யன்று. பெப்ரவரியின் ஞாயிறுகளை மனத்தில் வைத்துக் கேள்வி கேட்கப்பட்டது, அவற்றுக்கான பதிலே கிடைத்தது. அதை ஏப்ரலுக்குத் தூக்கிச் சென்றது உங்கள் திட்டம். பிற்பகல் 3 மணிக்குக் கொழுந்தெடுக்கும் பெண்கள் மலையில் நிற்பார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் ‘எல்லோரும்’ என்று நீங்கள் எண்ணியவர்களில் அவர்கள் எத்தனை பேர்? வீட்டில் யார் எந்த நாளில் எந்த வேலைக்குப் போவது என்பதைக் கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர்களைக் கேட்காமல், அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகளை உங்கள் அட்டவணையில் எழுதிவிட்டீர்கள்.

இப்போதைய நிலையைப் பாருங்கள். எஞ்சியிருப்பது 620 மீற்றர். ஏழு பேர் ஆளுக்கு 5 மீற்றர் வெட்டினால் ஒரு ஞாயிறில் 35 மீற்றர். முடிக்க இன்னும் 18 ஞாயிறு வேண்டும். ஆறு ஞாயிறுத் திட்டம் இருபது ஞாயிறாகிவிட்டது. இடையில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். திறந்து கிடக்கும் கான் மழையில் கரை சரிந்து தூர்ந்துபோகும், வெட்டிய இடத்தையே மறுபடி வெட்ட நேரிடும். உங்கள் கூட்டல், பெருக்கலில் பிழை இல்லை. ‘ஒவ்வொரு ஞாயிறும் 30 பேர் ஓய்வாக இருப்பார்கள்’ என்ற ஒன்றின்மீதுதான் அத்தனையும் நின்றது. அதுவோ தாளில் எங்கும் இல்லை. எழுதியிருந்தால் உங்கள் குழுவில் யாராவது ஒருவர் அதன்மேல் விரல் வைத்திருப்பார். எழுதாததால், தலைவர் தோட்டத்துப் பிள்ளை, பார்த்துத்தான் போட்டிருப்பார் என்று அவர்கள் நம்பியிருப்பார்கள்.

ஆகவே திட்டத்தை மறுபடி எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அது நடக்க வேறு எது உண்மையாக இருக்க வேண்டும் என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். அது யாருக்குத் தெரியும், எந்த மாதத்தில் மாறக்கூடும், மாறுவதை எந்த அறிகுறியால் அறியலாம், மாறினால் என்ன செய்வோம் என்பவற்றையும் அதனருகே எழுத வேண்டும். உங்கள் கான் வேலைக்கு இப்படி எழுதியிருந்தால், கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத் தெரியும், முதல் மழைக்குப் பின் மாறும், ஞாயிறு மலை திறக்கும் என்று ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டில் அறிவிப்பது அறிகுறி, அன்றே கானைக் குடும்பங்களுக்குப் பங்கிட்டு வெட்டும் முறைக்கு மாறுவோம் என்று வந்திருக்கும். தலைவரை மறுத்துப் பேசக் கூசுகிறவர்கள் குழுவில் இருந்தால், கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007இல் எழுதிய முறை கைகொடுக்கும். வேலை தொடங்குமுன்னரே, ‘இந்தத் திட்டம் தோற்றுவிட்டது’ என்று அறிவித்து, ஏன் தோற்றது என்பதை ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுதச் சொல்வார்கள்; தோல்வி முடிந்துபோன செய்தியாக வைக்கப்படுவதால் காரணம் சொல்வது எதிர்ப்பாகத் தோன்றாது.

இன்னொரு வரியும் என் கண்ணை உறுத்துகிறது. ஊற்றை நவம்பரில் அளந்தோம் என்கிறீர்கள். 20 லீற்றர் வாளி நவம்பரில் 40 செக்கனில் நிறைந்தது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 43,200 லீற்றர். அதே வாளி பெப்ரவரியில் 100 செக்கன் எடுத்தால் 17,280 லீற்றர்தான். அறுபது குடும்பத்தில் 300 பேர் என்றால் முதலாவதில் தலைக்கு 144 லீற்றர், இரண்டாவதில் 58. ஆண்டு முழுவதும் நவம்பராகவே இருக்கும் என்பது நீங்கள் எழுதாமல் விட்ட இரண்டாவது நம்பிக்கை. வறட்சியில் வாளி வைத்து அளக்காமல் தொட்டியின் அளவை முடிவுசெய்யாதீர்கள். வறட்சி இப்போது கடந்துவிட்டது. ஆனால் எந்த மாதத்தில் பீலியில் குடங்கள் வரிசைகட்டத் தொடங்குகின்றன, விடியலுக்கு எவ்வளவு முன்னதாக எழுந்து போக வேண்டியிருக்கிறது என்பது உங்கள் தாயாருக்குத் தெரியும். இந்த முறையாவது எதிரே உட்கார்ந்து கேளுங்கள்.

பெற்றவள் சொல்வதை அடுப்படிப் பேச்சென்று தள்ளும் பிள்ளை, பிறர் வீட்டுப் பெண்கள் சொல்வதையும் அப்படியே தள்ளுவான் என்பது என் உறுதியான எண்ணம். தோட்டத்திலிருந்து படித்து மேலே வந்தவருக்கு இந்தக் கடமை மற்றவர்களைவிடக் கூடுதல். அந்த மக்களின் நாட்களை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று தெரிந்தவர் என்பதற்காகவே உங்களிடம் பொறுப்புத் தரப்பட்டிருக்கும்.

இனி அவசரமானது. நிறுவை முடிந்து பெண்கள் வீடு திரும்பிய பின், மாலையில் கூட்டம் வையுங்கள். தோட்டத் தலைவரோடு மாதர் சங்கத்தாரையும் அழையுங்கள். எஞ்சிய 620 மீற்றரைக் குடும்பத்துக்குப் பத்து மீற்றர் சொச்சமாகப் பங்கிட்டு, மே இறுதிக்குள் தங்களுக்கு இயன்ற நேரத்தில் வெட்டித் தர முடியுமா என்று கேளுங்கள். கைக்காசை இழக்காமல் செய்யக்கூடிய வேலை அது. முதியவர்கள் மட்டுமே இருக்கும் வீடுகளின் பங்கை யார் ஏற்பது என்பதை அங்கேயே பேசி முடியுங்கள். வெட்டிய பகுதியில் அன்றன்றே குழாயைப் பதித்து மூடுவதற்கு உங்கள் குழு தயாராக நிற்க வேண்டும். முடியாது என்று அவர்கள் சொன்னால், கூலி கொடுத்து வெட்டவோ அடுத்த வறட்சிவரை தள்ளிவைக்கவோ நிறுவனத்திடம் கேளுங்கள்.

மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் மக்களைப் பற்றிய குறை ஒன்றும் வேண்டாம். எதை உண்மையென்று எடுத்துக்கொண்டேன், யாரைக் கேட்கவில்லை, எஞ்சியது எவ்வளவு, புதிய முடிவு நாள் எது என்று எழுதுங்கள். அனுப்புமுன் உங்கள் தாயாருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டி, அவர் மாற்றச் சொல்லும் நாட்களை மாற்றுங்கள்.