டெஃபினிஷன் ஆஃப் ரெடி: ஸ்பிரிண்ட்டில் ஏற்கும் முன் டிக்கெட்டில் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் அணியில் வேலையைத் தொடங்கிய பிறகுதான் டிக்கெட்டில் என்ன விடுபட்டிருக்கிறது என்பதே தெரியவருகிறது. டெஃபினிஷன் ஆஃப் ரெடி எழுதிக்கொள்ளச் சொல்கிறார்கள். அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்:

ஒவ்வொரு வரியையும் பட்டியலில் சேர்க்கும் முன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இதற்கு விடை தெரியாமல் வேலையைத் தொடங்கிவிட்டால், ஸ்பிரிண்ட் நடக்கும்போதே அணியால் அந்த விடையைக் கண்டுவிட முடியுமா? முடியும் என்றால் அந்த வரி வேண்டாம். அணிக்கு வெளியே இருப்பவர் முடிவெடுத்தால்தான், அல்லது வேறோர் அணி எதையாவது செய்து கொடுத்தால்தான் வேலை நகரும் என்ற நிலை இருந்தால், அதைத்தான் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். இப்படிச் சலித்தால் பெரும்பாலான அணிகளுக்கு நான்கைந்து வரிகளே போதும்.

ஸ்க்ரம் கைடு இப்படியொரு பட்டியலைக் கட்டாயமாக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. டெஃபினிஷன் ஆஃப் டன் அதில் உண்டு; டெஃபினிஷன் ஆஃப் ரெடி இல்லை. ஒரு ஸ்பிரிண்ட்டுக்குள் அணியால் முடிக்கக்கூடியதாக இருக்கும் பேக்லாக் உருப்படி, தேர்ந்தெடுக்கத் தயாரானது என்று மட்டுமே 2020 பதிப்பு சொல்கிறது. ஆகவே பட்டியலில் நீங்கள் எழுதும் ஒவ்வொன்றும் ‘இதை முடிக்க முடியுமா’ என்பதற்கு விடை சொல்வதாக இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ‘பயனர் தன் கணக்கின் மின்னஞ்சல் முகவரியை மாற்றிக்கொள்ள வசதி வேண்டும்’ என்று ஒரு டிக்கெட் வருகிறது. திரை வடிவமைப்பும் இணைக்கப்பட்டிருக்கிறது. படித்தவுடன் எல்லாம் தெளிவாக இருப்பதாகவே தோன்றும். ரிஃபைன்மென்ட் கூட்டத்தில் மதிப்பிடும்போது ஒருவர் 3 புள்ளி என்கிறார், இன்னொருவர் 13 என்கிறார். இந்த இடத்தில் சராசரி பார்த்து 8 என்று எழுதிவிட்டு நகரும் அணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் கவனித்துக் கேட்க வேண்டிய இடமே அதுதான். 13 சொன்னவரைக் கேட்டால், கூகுள் கணக்கின் வழியாக உள்நுழைபவர்களையும் சேர்த்து யோசித்ததாகச் சொல்கிறார். 3 சொன்னவர் கடவுச்சொல் வைத்திருப்பவர்களை மட்டும் நினைத்திருக்கிறார். டிக்கெட் இரண்டில் எதைக் கேட்கிறது என்பதை ப்ராடக்ட் ஓனர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லும்வரை இது தயாரான டிக்கெட் அல்ல.

கடவுச்சொல் பயனர்களுக்கு முதலில் செய்வோம், கூகுள் வழி வருபவர்களுக்குத் தனி டிக்கெட் போடுவோம் என்று அவர் முடிவு செய்தால், அளவும் ஸ்பிரிண்ட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அதன் பிறகு அக்செப்டன்ஸ் கிரைட்டீரியாவுக்கு வரலாம். ‘புதிய முகவரி முறையாகச் சரிபார்க்கப்பட வேண்டும்’ என்று எழுதியிருந்தால் அதைக் கிரைட்டீரியாவாக ஏற்காதீர்கள். டெஸ்டர் அந்த வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டு, தான் எதைச் செய்து பார்ப்பேன், திரையில் எதை எதிர்பார்ப்பேன் என்று சொல்ல முடிய வேண்டும். ‘புதிய முகவரிக்கு அனுப்பிய இணைப்பைப் பயனர் சொடுக்கும்வரை பழைய முகவரியைக் கொண்டுதான் உள்நுழைய முடியும்’ என்பது அப்படிப்பட்ட வாக்கியம். ‘வேறொரு கணக்கில் ஏற்கெனவே உள்ள முகவரியைக் கொடுத்தாலும், இணைப்பு அனுப்பப்படும் என்ற அதே செய்திதான் திரையில் வரும்’ என்பதும் அப்படியே. இந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் முன்கூட்டி எழுதவில்லை என்றால், டெவலப்பர் இயல்பாகவே ‘இந்த முகவரி பயன்பாட்டில் உள்ளது’ என்று ஒரு பிழைச்செய்தியைப் போட்டுவிடுவார். யாருக்கு நம்மிடம் கணக்கு இருக்கிறது என்பதை அந்தச் செய்தி வெளியாருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அது ஸ்பிரிண்ட்டின் கடைசி நாளில் பாதுகாப்புப் பரிசோதனையில் தெரியவந்தால் டிக்கெட் அடுத்த ஸ்பிரிண்ட்டுக்குத் தள்ளிப்போகும்.

இதே டிக்கெட்டில் முன்கூட்டி முடிவு செய்யத் தேவையில்லாதவையும் உண்டு. முகவரி மாற்றக் கோரிக்கையை எந்த டேபிளில் சேமிப்பது என்பது அணியின் கையில் இருப்பது. இணைப்பு எத்தனை மணி நேரம் செல்லும் என்பதை 24 என்று வைத்துத் தொடங்கிவிட்டு, வேலையின் நடுவே ப்ராடக்ட் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். மாற்றச் சொன்னால் ஓர் எண்ணை மாற்றினால் போதும். இவற்றையும் பட்டியலுக்குள் இழுத்தால் டிக்கெட் தயாராவதற்கே வாரங்கள் ஆகிவிடும்.

மிகவும் ஏமாற்றக்கூடியது வெளிச் சார்பு. நம் எடுத்துக்காட்டில் மின்னஞ்சல் அனுப்பும் சேவை வேறோர் அணியிடம் இருக்கிறது, சரிபார்ப்பு அஞ்சலுக்கு அவர்கள் ஒரு புதிய டெம்ப்ளேட் உருவாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்’ என்பதை நம்பி ஏற்றுக்கொள்ளப்படும் டிக்கெட்டுகள்தான் பலகையில் பிளாக்ட் பத்தியில் அதிக நாள் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்த டெம்ப்ளேட் சோதனைச் சூழலில் இருக்கிறது, அதைக் கொண்டு ஒரு சோதனை அஞ்சலை அனுப்பிப் பெற்றும் பார்த்தாயிற்று என்று ஒருவர் சொன்னால்தான் இந்த வரி நிறைவேறியதாகக் கொள்ள வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாது, ஸ்டப் வைத்துத் தொடங்கலாம் என்றால், கோரிக்கையும் பதிலும் எந்த வடிவில் இருக்கும் என்பதை இரு அணிகளும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் டெஃபினிஷன் ஆஃப் டன் உண்மையான சேவையுடன் இணைத்துச் சோதிப்பதைக் கோருகிறது என்றால், ஸ்டப் வைத்து எழுதிய நிரலால் அந்த டிக்கெட் முடியாது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். அந்த நிலையில் ஸ்டப்புடன் முடியும் பகுதியைத் தனி டிக்கெட்டாகப் பிரித்து ஏற்பதே நேர்மையான வழி.

பட்டியல் இறுகிப்போய்விட்டதா என்பதற்கு அறிகுறிகள் உண்டு. ஐந்து நிமிடப் பேச்சில் தீரக்கூடிய சந்தேகத்துக்கு ‘இது ரெடி இல்லை’ என்று டிக்கெட் திருப்பி அனுப்பப்படும்; ப்ராடக்ட் ஓனர் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகே டெவலப்பர்கள் அதைப் படிக்கத் தொடங்குவார்கள். அந்த நிலைக்கு வந்துவிட்டால் ஒரு கட்டம் முடிந்தபின் அடுத்த கட்டம் என்ற பழைய வாட்டர்ஃபால் முறையே வேறு பெயரில் நடக்கிறது. வடிவமைப்பு முழுமையாக முடிந்திருக்க வேண்டும் என்ற வரி பல அணிகளின் பட்டியலில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதை எடுத்துவிடுவேன். பயனர் செல்லும் வழியும் பிழை நேரும்போது என்ன காட்டுவது என்பதும் முடிவாகியிருந்தால் நிறமும் இடைவெளியும் வேலையோடு வேலையாக வந்து சேரும்.

உங்கள் பட்டியலை வேறு அணியிடமிருந்து நகலெடுக்காதீர்கள். கடந்த சில ஸ்பிரிண்ட்டுகளில் முடியாமல் தள்ளிப்போன டிக்கெட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றும் முதன்முதலில் எந்த நாளில், யாருடைய விடைக்காக நின்றது என்று ரெட்ரோவில் எழுதிப் பாருங்கள். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் அது ஒரு வரியாகட்டும். ஒரே முறை வந்த காரணத்துக்கு வரி வேண்டாம். சில மாதங்களாக எந்த டிக்கெட்டையும் தடுக்காத வரி இருந்தால், அதை நீக்கிவிட்டு இரண்டு ஸ்பிரிண்ட்டுகள் பார்க்கலாம்.

பயன்பாட்டில் இருக்கும் சேவையை முடக்கும் அவசரப் பிழைகளை இந்தப் பட்டியலின் வழியாக அனுப்ப வேண்டாம். யாருக்கு, எதைச் செய்யும்போது, என்ன நேர்ந்தது என்ற மூன்றும் தெரிந்தால் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். காரணமே தெரியாத பிழை என்றால், அதைத் திருத்துவதாக ஒப்புக்கொள்ளாமல், ஒரு நாள் வரம்பு வைத்து ஸ்பைக்காக எடுத்துக் காரணத்தைத் தேடுங்கள். திருத்தும் டிக்கெட்டை அதன் பிறகு மதிப்பிடலாம்.