பேட்டியின் எழுத்துப்படியைச் செய்தியாக்கும்போது எதை மேற்கோளில் வைப்பது?

கேள்வி: நீண்ட பேட்டி ஒன்றின் எழுத்துப்படி கையில் இருக்கிறது. எதை அப்படியே எடுப்பது, எதை என் சொற்களில் எழுதுவது?

தேதி, தொகை, நடைமுறை போன்று வேறிடத்திலும் சரிபார்க்கக்கூடியவற்றை உங்கள் சொற்களில் எழுதிவிடுங்கள். குற்றச்சாட்டு, மறுப்பு, வாக்குறுதி, ஒப்புதல் ஆகியவற்றை அவர் சொன்னபடியே வையுங்கள். அவற்றில் ஒரு சொல் மாறினாலும் பொருள் மாறும். குழாய் உடைப்பைப் பற்றி ஒரு பொறியாளர், "பத்து நாளுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன், ஆனா கழிவுநீர் கலக்கும்னு யாரும் எதிர்பார்க்கல" என்று சொன்னதாகக் கொள்வோம். இதை "பத்து நாட்களுக்கு முன்பே தெரியும் என்று ஒப்புக்கொண்டார்" எனச் சுருக்கினால், "நினைக்கிறேன்" என்ற தயக்கம் போய்விடுகிறது, பின்பாதி மறைகிறது, "ஒப்புக்கொண்டார்" என்ற வினை அவர் ஏற்காத குற்றத்தை அவர்மேல் ஏற்றுகிறது. எழுதி முடித்ததும் "நினைக்கிறேன்", "இருக்கலாம்", "ஆனால்" ஆகியவை எழுத்துப்படியில் எங்கே வருகின்றன என்று தேடி, உங்கள் வாக்கியத்தில் அவை எஞ்சியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டால் பொறுப்பு பேசியவருடையதுதானே? அதனால் நான் பெரும்பாலும் அப்படியே போட்டுவிடுவேன்.

சொற்கள் அவருடையவை என்பது சரி, ஆனால் அவற்றை வெளியிடுபவர் நீங்கள். பிறர் சொன்ன அவதூறை மேற்கோளாக வெளியிட்டாலும் வெளியிட்டவர் பதில் சொல்ல வேண்டிய நிலை பல நாடுகளின் சட்டத்தில் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலையும் பெற்று அருகிலேயே வைப்பது உங்கள் வேலை.

கேள்வி: நான் பேட்டி கண்ட பெண் பேச்சுத்தமிழில் பேசினார். ஆசிரியர் அதை மேற்கோளுக்குள்ளேயே எழுத்துத்தமிழாக்கிவிட்டார். இது திரிபு ஆகாதா?

இதில் செய்தி அறைகளுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல், மாசன் என்பவர் நியூ யார்க்கர் இதழ்மீது தொடுத்த வழக்கில், மேற்கோளின் சொற்களை மாற்றியதாலேயே அது பொய்யாகிவிடாது, பொருளைக் கணிசமாக மாற்றினால்தான் பொய்யாகும் என்று கூறியது. அது சட்டத்தின் எல்லை. நாம் அதைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. "வெரட்டிட்டாங்க" என்பதை "விரட்டிவிட்டார்கள்" என்று எழுதலாம். "வெளியேற்றப்பட்டோம்" என்று எழுதினால் விரட்டியவர்கள் வாக்கியத்திலிருந்தே காணாமல் போகிறார்கள். ஒலிவடிவத்துக்கு மேல் எதையாவது மாற்ற வேண்டியிருந்தால், மேற்கோள் குறியை எடுத்துவிட்டு உங்கள் நடையில் எழுதுங்கள்.

கேள்வி: சுருக்குவது என்றால் நடுவில் மூன்று புள்ளி வைத்து வெட்டுவதுதானே?

அது மேற்கோளைக் குறைக்கும் வழி மட்டுமே, அதுவும் ஒரே பதிலுக்குள். இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்களைப் புள்ளிகளால் இணைத்தால், அவர் சொல்லாத வாக்கியம் ஒன்று உருவாகிவிடும்.

கேள்வி: ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் மேசையில் நிருபரின் கேள்வியையும் எழுத்துப்படியில் விடாமல் வைக்கச் சொல்வோம். "இது அலட்சியம்தானே?" என்ற கேள்விக்கு "ஆமாம்" என்றவரின் வாயில் "அலட்சியம்" என்ற சொல்லை வைத்துவிடுகிறார்கள். சரிதானே?

மிகச் சரி. அந்த இடத்தில், "அலட்சியமா என்று கேட்டபோது ஆமாம் என்றார்" என்று கேள்வியோடு சேர்த்தே எழுத வேண்டும்.