மணப்பெண் கேட்கும் நிறம் அவள் தலைமயிரில் வராது என்றால்

கேள்வி: கிளிநொச்சியில் வீட்டோடு சேர்த்து ஒரு சின்ன பார்லர் வைத்திருக்கிறேன். மூன்று கிழமையில் கல்யாணம் என்று ஒரு பிள்ளை தாயோடு வந்தாள். மாப்பிள்ளை கனடா. இடுப்பு வரை முடி, நல்ல கறுப்பு. போனில் ஒரு படத்தைக் காட்டி, ரிசெப்ஷனுக்கு இந்தச் சாம்பல் பொன்னிறம்தான் வேண்டும் என்கிறாள். டை அடித்ததே இல்லையாம், பக்கெட் மருதாணி மட்டும்தானாம். போன வருசம் ரீபாண்டிங் செய்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் முடியாது என்றால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்விடுவாள். எப்படிச் சொல்வது?

பதில்: உங்கள் பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் பயத்தைச் சொல்லி அவளை மாற்ற முடியாது. "முடி பழுதாகும்" என்று எல்லாப் பார்லரிலும்தான் சொல்கிறார்கள், வேலை தெரியாததால் சொல்கிறாள் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அவளுடைய தலைமயிரிலேயே சின்னதாய் ஒரு கொத்தை வெட்டி, அதில் செய்து காட்டிவிட்டுப் பேசுங்கள். அந்தக் கொத்துக்கு முன்னால் வாக்குவாதத்துக்கு அதிகம் இடமில்லை.

அதற்கு முன் பக்கெட் மருதாணிக் கதையை முடிக்க வேண்டும். நம் பக்கத்தில் பலருக்கு டை வேறு, மருதாணி வேறு. ஆனால் இலையை அரைத்துப் போட்டால் முடி செம்பட்டையாகுமே தவிரக் கறுக்காது. பக்கெட்டில் வரும் தூள் ஒரு மணித்தியாலத்தில் கறுப்பாக்குகிறது என்றால் அதற்குள் பெரும்பாலும் பிபிடி என்ற சாயப்பொருள் இருக்கிறது, அதாவது அதுவும் டைதான். இன்னும் சிலவற்றில் உலோக உப்பு இருக்கும். பூசப் பூச நாளுக்கு நாள் கறுக்கும் தைலங்களிலும் இந்த உப்பு இருப்பதுண்டு. அதனால் "டை அடிச்சனீங்களோ?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் வரும். "பெட்டியிலையோ பக்கெட்டிலையோ போத்தலிலையோ வந்த எதையாவது தலையிலை பூசினனீங்களோ தங்கச்சி? கடைசியா எப்ப?" என்று கேளுங்கள். தாய்க்கு நரை மறைக்க வாங்கிய பெட்டியில் மிச்சத்தை மகள் பூசியிருப்பாள், தாய்க்கு முன்னால் அதைச் சொல்ல மாட்டாள். தலை கழுவும் இடத்துக்குக் கூட்டிப்போய்த் தனியாக ஒருதரம் கேட்டுப் பாருங்கள். பக்கெட் உறை வீட்டில் கிடந்தால் அடுத்த முறை கொண்டுவரச் சொல்லுங்கள்.

முடியின் வயதையும் கணக்குப் பார்க்க வேண்டும். தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளர்கிறது. இடுப்பு வரை 60 சென்ரிமீற்றர் என்று வைத்தால் நுனிக்கு 5 வயது. அந்த 5 வருசத்தில் பூசியது, இழுத்தது, காய்ச்சியது எல்லாம் அதில் இருக்கிறது. ரீபாண்டிங் 12 மாதத்துக்கு முன் என்றால், வேரிலிருந்து 12 சென்ரிமீற்றர்தான் அது படாத முடி. கடைசியாக மருதாணி பூசி 4 மாதம் என்றால் வெறும் 4 சென்ரிமீற்றர்தான் எதுவும் படாத முடி. ஒரே தலையில் மூன்று விதமான முடி இருக்கிறது. அவள் காட்டும் படத்தில் இருப்பது ஒரே சீரான நிறம்.

இனி அந்தக் கொத்து. பின்கழுத்துக்கு மேலே, உள்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில் ஒரு பென்சிலைவிட மெல்லியதாக, வேருக்குக் கிட்ட வெட்டி எடுங்கள். கேட்டுவிட்டு வெட்டுங்கள், தாயிடமும் சொல்லுங்கள். வேர்ப்பக்கத்தை நூலால் கட்டி அடையாளம் வையுங்கள். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் பாதி உலோக உப்பைப் பார்க்க. கண்ணாடிக் குவளையில் 20 வொலியூம் பெரொக்சைட் 20 மில்லிலீற்றர், அதற்குள் 28 வீத அமோனியாக் கரைசல் 20 துளி. உலோகப் பாத்திரம் வேண்டாம், யன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். முடியை முழுதாக அமிழ்த்தி 30 நிமிடம் விடுங்கள். குமிழி கிளம்பி, குவளை சுட்டு, கெட்ட மணம் வந்தாலோ முடி கரைந்து உதிர்ந்தாலோ உலோகம் இருக்கிறது. அரை மணி கழித்தும் நிறம் கொஞ்சம்கூட இளகவில்லை என்றாலும் சந்தேகம்தான். இரண்டிலும் பேச்சு அத்தோடு முடிந்தது. பிளீச் மட்டுமல்ல, பெரொக்சைட் கலக்கிற எந்தக் கலரும் அந்தத் தலையில் வைக்கக் கூடாது, உலோகம் இருக்கும் பகுதி வளர்ந்து வெட்டுப்படும் வரைக்கும். தலையில் வைத்திருக்கும்போது இது நடந்தால் உச்சந்தலை வெந்துபோகும்.

குவளை அமைதியாக இருந்தால் இரண்டாவது பாதிக்கு வாருங்கள். நீங்கள் பாவிக்கும் பிளீச் தூளை 20 வொலியூம் டெவலப்பரில், பெட்டியில் சொன்ன அளவுக்குக் கலந்து, வேர் முதல் நுனி வரை பூசிப் பொயிலில் சுற்றுங்கள். சூடு காட்ட வேண்டாம். 10 நிமிடத்துக்கு ஒருதரம் பிரித்துப் பாருங்கள், பெட்டியில் சொன்ன உச்ச நேரத்தைத் தாண்ட வேண்டாம். கழுவியதும் ஈரமாக இருக்கும்போதே நுனிப்பக்கத்தில் நாலைந்து இழையை இரண்டு விரலால் மெதுவாக இழுங்கள். நல்ல முடி கொஞ்சம் நீண்டு திரும்ப வந்துவிடும். ரீபாண்டிங் பட்ட முடி பெரும்பாலும் நீண்டு அப்படியே நிற்கும், அல்லது சவ்வுபோல இழுபட்டு அறுந்துபோகும். ரீபாண்டிங்கில் முடியின் உள்ளே இருக்கும் பிணைப்புகளை உடைத்துத் திரும்பச் சேர்க்கிறார்கள். எல்லாம் திரும்பச் சேர்வதில்லை. மிச்சத்தைப் பிளீச் உடைக்கிறது.

பிறகு காயவைத்து, கடைக்குள் இருக்கும் வெள்ளை லைற்றில் அல்ல, வாசலுக்குக் கொண்டுபோய் வெயில் வெளிச்சத்தில் அவளோடு சேர்ந்து பாருங்கள். இப்படியான முடியில் பெரும்பாலும் தெரிவது இதுதான்: வேர்ப்பக்கத்து 4 சென்ரிமீற்றர் செம்மஞ்சளாக இருக்கும். கீழே மருதாணி பட்ட நீளம் முழுதும் செங்கல் நிறத்தில், இடைக்கிடை கறுப்புப் பட்டையோடு நிற்கும். நுனி தும்பாகியிருக்கும். சாம்பல் பொன்னிறம் வேண்டுமென்றால் அந்தக் கொத்து முழுதும் வாழைப்பழத் தோலின் உட்பக்கம் மாதிரி வெளிறிய மஞ்சளுக்கு வந்திருக்க வேண்டும். சாம்பல் டோனர் நிறத்தை எடுக்காது, இருப்பதன்மேல் படியும், அவ்வளவுதான். செம்மஞ்சளின்மேல் சாம்பலைப் போட்டால் மங்கின மண்ணிறம்தான் வரும். "முதல் நாள் ஒரேஞ்ச் வந்தால் டோனர் போட்டுச் சரிக்கட்டலாம்" என்று எங்கோ படித்துவிட்டு வருவார்கள், அதற்கு நீங்கள் மறுப்புப் பேசத் தேவையில்லை, கொத்தைக் கையில் கொடுங்கள். கிணற்றுத் தண்ணீரில் கல்லோ இரும்போ கூட இருந்தால் நிறம் இன்னும் செம்மைக்கு இழுக்கும். எந்தக் கிணற்றில் தலை முழுகுகிறாள் என்றும் கேட்டு வையுங்கள்.

பேசும்போது "உங்கட முடி சரியில்லை" என்று தொடங்க வேண்டாம். தாய்க்கு முன்னால் அது குத்தும், கல்யாண வீட்டில் அது வேறு கதையாகவும் மாறும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "தங்கச்சி, இது உங்கட முடிதான், ஒருதரம் பிளீச் வைச்சது. படத்தில இருக்கிற கலருக்கு இன்னும் ரண்டு மூண்டு தரம் வைக்க வேணும். ஒருதரத்துக்கே நுனி இப்பிடி. மூண்டு கிழமையில அதுக்குப் போனா, தலைச்சோடிப்புக்குப் பின்ன முடி இராது." இதில் பயமுறுத்தல் ஒன்றும் இல்லை, கையில் இருப்பதைத்தான் சொல்கிறீர்கள்.

சொன்னதும் வாயை மூடி அவளைப் பேச விடுங்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அவசரப்பட்டு "சரி, கொஞ்சமா செய்து பாப்பம்" என்று இறங்கிப்போகிறார்கள். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று அவள் மனதில் ஒன்று, உங்கள் மனதில் வேறொன்று. அடுத்த கேள்வி, படத்தில் உனக்குப் பிடித்தது எது என்பது. விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழுத்தலையையும் காட்டுவாள் என்று நினைப்பீர்கள், அனேகமாக முகத்துக்கு இரண்டு பக்கமும் விழும் வெளிச்சமான கற்றையையோ, அலை அலையாக இறங்கும் நுனியையோதான் காட்டுவாள். அது கிடைக்கிற காரியம். அந்தப் படத்தில் பாதி வெளிச்சம் ரிங் லைற்றுக்குச் சொந்தம், பாதி முடி பொருத்தின முடி என்பதையும் அப்போது சொல்லலாம்.

மூன்று கிழமைக்குள் நீங்கள் உண்மையாகக் கொடுக்கக்கூடியது இரண்டு. ஒன்று, ஏற்கெனவே நிறமேற்றிய மனித முடி கிளிப் கற்றைகள். ரிசெப்ஷனுக்கு உள்ளுக்குள் நாலைந்தைப் பொருத்திச் சுருட்டிவிட்டால் படத்தில் கேட்ட சாம்பல் பொன்னிறம் அப்படியே வரும். தாலிகட்டுக்குக் கூறைச்சேலையோடு பின்னல் போடும்போது கழற்றிவிடலாம், பெரியவர்களும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவளுக்கு இதைத்தான் முதலில் சொல்லுவேன். மற்றது, உலோகம் இல்லை, நுனியும் தாங்கியது என்றால் மட்டும், முகத்தருகே சில மெல்லிய கற்றைகளைச் செம்மண்ணிறத்துக்கு இளக்குவது. இப்படியான தலையில் அது "கரமல்" நிறத்தில் நின்றாலே பெரிய விசயம். "சிவப்புச் சாயல் இருக்கும், சாம்பல் வராது" என்று சொல்லி, கொத்தில் அந்த நிறம் வந்த இடத்தைக் காட்டி, அவள் வாயால் "இது காணும்" என்று வரும் வரை தேதி கொடுக்காதீர்கள்.

"நான் கையெழுத்து வைக்கிறன், அடிங்கோ" என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். கையெழுத்து உங்களைக் காப்பாற்றலாம், அவள் முடியைக் காப்பாற்றாது. வன்னியில் இன்னாருடைய பார்லரில் மணப்பெண்ணுக்கு முடி கொட்டியது என்ற கதை பரந்தனில் தொடங்கினால் பின்னேரத்துக்குள் முல்லைத்தீவில் நிற்கும், கையெழுத்தைப் பற்றி அதில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

வேறிடம் போவாள் என்ற கவலைக்கு: போகட்டும், ஆனால் கொத்தை ஒரு கடதாசியில் ஒட்டி, பூசிய தூள், வொலியூம், எத்தனை நிமிடம் என்று எழுதி அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் வேலை தெரிந்த எவரும் அதைப் பார்த்தால் உங்களைப் போலத்தான் சொல்வார்கள். பரிசோதனைக்கு ஒரு சிறிய தொகை வாங்குங்கள், வேலை உங்களிடம் வந்தால் கழித்துவிடலாம். இலவசமாகச் செய்தால் அதற்கு மதிப்பில்லை, உங்களுக்கும் அரை நாள் போகிறது.

கிளிப் கற்றைக்கு ஒத்துக்கொண்டால் நிறத்தை இப்போதே தெரிந்து ஓடர் கொடுங்கள், கொழும்பிலிருந்து வர நாள் எடுக்கும். முகத்தருகே கற்றை என்றால் கல்யாணத்துக்குப் பத்து நாளைக்கு முன் செய்யுங்கள், ஏதும் பிசகினால் திருத்த அவகாசம் இருக்கும். அந்த வேலைக்கு 48 மணித்தியாலம் முன்னதாக, நீங்கள் பாவிக்கப்போகும் கலரில் கொஞ்சத்தைக் காதுக்குப் பின்னால் வைத்துத் தோல் பரிசோதனை செய்ய வேண்டும். பக்கெட் மருதாணியால் முன்பு எப்போதாவது தலை கடித்ததா, நெற்றி வீங்கியதா என்று அன்றைக்குக் கேளுங்கள். ஆம் என்றால் காதுப் பரிசோதனையும் வேண்டாம், எந்த டையும் வேண்டாம், கிளிப் கற்றை மட்டும்.