திரையில் 10,031, கணக்கில் 6 புள்ளி: எக்ஸ்பைரி நாளில் நடப்பது என்ன?

கேள்வி: 10,000 ஸ்ட்ரைக்கில் ஒரு இண்டெக்ஸ் கால் ஆப்ஷனை 15 புள்ளிக்கு வாங்கி எக்ஸ்பைரி வரை வைத்திருந்தேன். மதியம் அது 4-இலிருந்து 24-க்குப் போய்த் திரும்ப 7-க்கு வந்தது. இண்டெக்ஸ் அரை சதவீதம்கூட அசையவில்லை. கடைசி பத்து நிமிடம் இண்டெக்ஸ் ஏறிக்கொண்டே போனது, ஆனால் ஆப்ஷன் 6-க்கு மேல் போகவே இல்லை. சந்தை முடிந்தபோது திரையில் இண்டெக்ஸ் 10,031. எனக்கு 31 புள்ளி வர வேண்டும் அல்லவா? 6 புள்ளிக்குத்தான் பணம் வந்திருக்கிறது. புரோக்கர் ஏமாற்றுகிறாரா?

பதில்: புரோக்கர் மீது தவறில்லை. நீங்கள் சொன்ன எண்களை வைத்துப் பார்த்தால் கணக்கு சரியாகவே இருக்கிறது. மதியத்தில் ஆப்ஷன் துள்ளியதற்கு ஒரு காரணம், கடைசி பத்து நிமிடத்தில் அது அசையாமல் நின்றதற்கு வேறொரு காரணம். முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம்.

இண்டெக்ஸ் என்பது வெறும் எண். பங்கைப்போல அதை யாரும் யாருக்கும் கைமாற்றிக் கொடுக்க முடியாது. அதனால் இண்டெக்ஸ் ஆப்ஷன் முடியும்போது எதுவும் டெலிவரி ஆவதில்லை, வித்தியாசம் மட்டும் பணமாகக் கைமாறுகிறது. கால் ஆப்ஷனுக்கு, இறுதித் தீர்வு விலையிலிருந்து ஸ்ட்ரைக்கைக் கழித்து, வருவதை லாட் அளவால் பெருக்குகிறார்கள். புட் ஆப்ஷனுக்கு ஸ்ட்ரைக்கிலிருந்து தீர்வு விலையைக் கழிக்க வேண்டும். விடை பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் ஆப்ஷன் மதிப்பில்லாமல் முடிந்துவிடும். நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை, எக்ஸ்சேஞ்ச் தானாகவே தீர்த்துவிடும். லாட் 50 என்றால் உங்களுக்கு வந்தது 6 × 50 = 300. கொடுத்த பிரீமியம் 15 × 50 = 750. ஆக, தீர்வு விலை ஸ்ட்ரைக்குக்கு மேலே நின்று ஆப்ஷன் பணத்துக்குள் முடிந்தும் உங்களுக்கு நஷ்டம்தான். நீங்கள் அசலை எடுக்க, தீர்வு விலை 10,015-ஐத் தொட்டிருக்க வேண்டும்.

இங்கே ‘தீர்வு விலை’ என்ற சொல்தான் முக்கியம். அது திரையில் கடைசியாகத் தெரிந்த எண் அல்ல. ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும் அதற்குத் தனி முறை வைத்திருக்கிறது. நிஃப்டியில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட முறையில், இண்டெக்ஸில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் கடைசி அரைமணி நேரத்தில் நடந்த வியாபாரத்தின் சராசரி விலையை எடுத்து, அவற்றிலிருந்து இண்டெக்ஸின் முடிவு விலையைக் கணக்கிடுவார்கள். அதிக எண்ணிக்கையில் வியாபாரம் நடந்த விலைக்கு அந்தச் சராசரியில் அதிக எடை. ஐரோப்பாவின் யூரோ ஸ்டாக்ஸ் 50 ஆப்ஷனில் எக்ஸ்பைரி நாளின் 11:50 முதல் 12:00 மணி வரையிலான இண்டெக்ஸ் மதிப்புகளின் சராசரி. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500-இல், மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை முடியும் பழைய வகை ஆப்ஷன்களுக்கு அன்று காலை ஒவ்வொரு பங்கும் திறக்கும் விலை. அதில் வியாபாரம் முந்தைய நாளே நின்றுவிடும், இரவில் நடப்பதற்கு நீங்கள் எதுவும் செய்ய முடியாது. விதிகள் மாறக்கூடியவை. அதனால் வாங்குமுன் எக்ஸ்சேஞ்சின் காண்ட்ராக்ட் விவரத்தில் இந்த ஒரு வரியையாவது படித்துவிட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு.

உங்கள் இண்டெக்ஸ் கடைசி அரைமணி நேரச் சராசரி வகை என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, வியாபாரம் ஒவ்வொரு நிமிடமும் ஒரே அளவில் நடந்தது என்றும் கொள்வோம். முதல் 20 நிமிடத்தின் சராசரி 9,998 என்றும், கடைசி 10 நிமிடத்தின் சராசரி 10,022 என்றும் எடுத்துக்கொண்டால்:

```
(20 × 9998 + 10 × 10022) / 30 = 10006
```

இதுதான் உங்கள் 6 புள்ளி. இண்டெக்ஸ் 10,031-இல் முடிந்தது உண்மைதான். ஆனால் அந்த உயரத்தில் அது இருந்தது கடைசிச் சில நொடிகள் மட்டுமே. அதற்கு முந்தைய இருபது நிமிடங்கள் ஏற்கெனவே சராசரிக்குள் போய்விட்டன, அவற்றை இனி யாராலும் மாற்ற முடியாது.

ஆப்ஷன் ஏன் 6-க்கு மேல் போகவில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. பத்து நிமிடம் மீதி இருக்கும்போது இண்டெக்ஸ் 3 புள்ளி ஏறி அங்கேயே நின்றால், தீர்வு விலை 1 புள்ளிதான் ஏறும். கடைசி ஒரு நிமிடம் மட்டும் மீதி இருந்தால், 30 புள்ளி ஏற்றம்கூட 1 புள்ளியைத்தான் கூட்டும். பெரிய வியாபாரிகள் திரையில் ஓடும் இண்டெக்ஸைப் பார்த்து அந்த நேரத்தில் விலை சொல்வதில்லை. அதுவரை சேர்ந்திருக்கும் சராசரியைத்தான் பார்க்கிறார்கள். இதை நீங்களும் தோராயமாகச் செய்யலாம். நிமிடத்துக்கு ஒருமுறை இண்டெக்ஸைக் குறித்துச் சராசரி எடுத்தால், மீதி நேரத்தில் இண்டெக்ஸ் சராசரியாக எங்கே நின்றால் உங்கள் ஸ்ட்ரைக்கைத் தொடும் என்பது தெரிந்துவிடும். உங்கள் விஷயத்தில் இருபதாவது நிமிடத்தில்:

```
(30 × 10000 − 20 × 9998) / 10 = 10004
```

அந்த நேரத்தில் திரையில் 10,002 தெரிந்து, அப்படியே கடைசி வரை நின்றிருந்தால், உங்கள் கால் ஆப்ஷன் பூஜ்யமாகியிருக்கும். ஸ்ட்ரைக்குக்கு மேலே இருக்கிறோம் என்று நினைத்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

சரி, இப்போது மதியத்துக்கு வருவோம். சராசரி எடுக்கும் நேரம் தொடங்குவதற்கு முன்புதான் ஆப்ஷன் அதிகமாகத் துள்ளும்.

ஓர் ஆப்ஷனின் விலை, இண்டெக்ஸ் இனி எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதைப் பொறுத்தது. ஒரு மாதம் மீதி இருக்கும்போது 10,000 மட்டத்தில் உள்ள இண்டெக்ஸ் 300, 350 புள்ளி போவது சகஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 20 புள்ளி ஏற்றம் ஒரு பொருட்டே அல்ல. 10,000 கால் ஆப்ஷன் பணத்துக்குள் முடியும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக இருந்தது, 52 சதவீதம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் முடிய ஒன்றரை மணி நேரமே இருக்கும்போது, மீதி நேரத்தில் எதிர்பார்க்கக்கூடிய அசைவே 30 புள்ளிதான். அதே 20 புள்ளி ஏற்றம் வாய்ப்பைப் பாதியிலிருந்து 75 சதவீதத்துக்குக் கொண்டுபோய்விடும். விலைக்கும் இதே கதைதான். அந்த 30 புள்ளி அசைவை வைத்துக் கணக்கிட்டால், இண்டெக்ஸ் 9,980-இல் இருக்கும்போது ஆப்ஷன் சுமார் நாலரை புள்ளி பெறும், 10,000-இல் 12, 10,020-இல் 24-க்குச் சற்று மேல். 40 புள்ளி, அதாவது 0.4 சதவீத அசைவில் விலை ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. நீங்கள் பார்த்த 4-க்கும் 24-க்கும் இடையே வேறு மர்மம் எதுவும் இல்லை. இண்டெக்ஸ் ஓரளவு திரும்பி, கொஞ்ச நேரமும் கரைந்ததும் 7 ஆகிவிட்டது.

இண்டெக்ஸ் ஒரு புள்ளி அசைந்தால் ஆப்ஷன் எவ்வளவு அசையும் என்பதை டெல்டா என்பார்கள். அந்த டெல்டாவே எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது காமா. எக்ஸ்பைரி நாளில் ஸ்ட்ரைக்குக்கு அருகில் காமா ஏறிவிடுகிறது. தூரத்து ஸ்ட்ரைக்குகளில் அது ஏறக்குறைய இல்லாமல் போய்விடும்.

இது ஆப்ஷனை மட்டும் ஆட்டுவதோடு நிற்பதில்லை, இண்டெக்ஸையும் தொடுகிறது. கால் ஆப்ஷன் விற்ற ஒரு பெரிய நிறுவனம், தன் நஷ்டத்தை ஈடுகட்ட டெல்டா அளவுக்கு ஃப்யூச்சர்ஸ் வாங்கி வைத்திருக்கும். 1,000 லாட் விற்றிருந்தால் அது 50,000 யூனிட். டெல்டா பாதியாக இருக்கும்போது 25,000 யூனிட் கையில் இருக்க வேண்டும். இண்டெக்ஸ் 20 புள்ளி ஏறி டெல்டா முக்கால் ஆனதும் இன்னும் 12,500 யூனிட் வாங்க வேண்டும். திரும்ப இறங்கினால் அவ்வளவையும் விற்க வேண்டும். ஏறும்போது வாங்குவதும் இறங்கும்போது விற்பதும் அசைவை இன்னும் பெரிதாக்கும். எக்ஸ்பைரி மதியத்தில் காரணமே தெரியாமல் வரும் வேகமான ஏற்ற இறக்கங்களில் ஒரு பங்கு இதனால் வருவது.

ஆனால் எல்லா எக்ஸ்பைரியும் இப்படி இருப்பதில்லை. ஆப்ஷனை வாங்கி வைத்துக்கொண்டு ஈடுகட்டுகிறவர்களின் கை ஓங்கியிருந்தால் அவர்கள் நேர் எதிராகச் செய்வார்கள்: ஏறினால் விற்பார்கள், இறங்கினால் வாங்குவார்கள். அன்று இண்டெக்ஸ் ஒரு ஸ்ட்ரைக்கில் ஆணி அடித்ததுபோல நின்றுவிடும். எது நடக்கும் என்பது ஓப்பன் இண்ட்ரஸ்ட் எண்ணிலிருந்து தெரியாது. எத்தனை காண்ட்ராக்ட் திறந்திருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும், ஈடுகட்டுகிறவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று சொல்லாது. அதனால் ஆப்ஷன் வாங்கியவர்களுக்கு மொத்தத்தில் மிகக் குறைவான பணம் போகும் இடம் என்று கணக்கிட்டு, ‘மேக்ஸ் பெயின்’ என்று ஒரு புள்ளியைக் குறித்து, இண்டெக்ஸ் அங்கேதான் முடியும் என்று சொல்பவர்களை நம்பிப் பணம் போடாதீர்கள்.

இன்னொரு காரணம் பணத் தீர்விலேயே ஒளிந்திருக்கிறது. ஆப்ஷனுக்கு எதிராக இண்டெக்ஸில் உள்ள பங்குகளையே வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. தீர்வு முடிந்ததும் ஆப்ஷன் பணமாகிவிடும், பங்குகள் மட்டும் கையில் தங்கிவிடும். விலை வித்தியாசம் வராமலிருக்க, சராசரி எடுக்கும் அந்த அரைமணி நேரத்திலேயே பங்குகளைச் சிறிது சிறிதாக விற்று முடிக்கப் பார்ப்பார்கள். எதிர்ப்பக்கம் அதே அளவு வாங்குபவர்கள் இல்லாவிட்டால், இண்டெக்ஸ் அந்தப் பக்கம் சாயும். உங்கள் இண்டெக்ஸ் கடைசியில் ஏறிக்கொண்டே போனதற்குப் பின்னால் இதன் மறுபக்கமான வாங்கல் இருந்திருக்கலாம். நாள் முடிந்த பிறகு இதை உறுதியாகச் சொல்வது கடினம்.

அடுத்த முறைக்கு: நீங்கள் ஆப்ஷனை வாங்கியிருந்து, திரையில் தெரியும் ஏற்றத்துக்கு முழுப் பலன் வேண்டும் என்றால், சராசரி நேரம் தொடங்குமுன் விற்றுவிடுங்கள். அதற்குள் நுழைந்த ஒவ்வொரு நிமிடமும் உங்கள் ஆப்ஷன் இறந்தகாலத்தோடு கட்டப்பட்டுவிடுகிறது. விற்கும்போது லிமிட் ஆர்டர் போடுங்கள். அந்த நேரத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகன்றுவிடும், மார்க்கெட் ஆர்டர் எங்கே போய் விழும் என்று தெரியாது. ஒரே எக்ஸ்பைரியில் ஒரு ஸ்ட்ரைக்கை வாங்கி இன்னொன்றை விற்று வைத்திருந்தால், இரண்டுக்கும் ஒரே தீர்வு விலைதான் என்பதால் கடைசி வரை விடலாம். ஆனால் வாங்கி வைத்திருக்கும் ஆப்ஷனை மட்டும் பதற்றத்தில் விற்றுவிடாதீர்கள். அப்புறம் மிஞ்சுவது பாதுகாப்பில்லாத விற்பனை, அதுவும் காமா உச்சத்தில் இருக்கும் நேரத்தில்.